ஒளியைப் போட்டதும் எல்லா நியூரானும் துள்ளுகிறதா? ஆப்டோஜெனடிக்ஸ், கால்சியம் இமேஜிங் சோதனையில் பிழை தேடும் வழி

உயிருள்ள சுண்டெலியின் மூளையில் தேர்ந்தெடுத்த நியூரான்களை ஒளியால் தூண்டலாம். அதே நேரத்தில் அவற்றையும் அக்கம்பக்கத்து நியூரான்களையும் நுண்ணோக்கியில் பார்க்கவும் செய்யலாம். தூண்ட ஒரு புரதம் வேண்டும், பார்க்க இன்னொரு புரதம் வேண்டும். இரண்டுமே ஒளியில் வேலை செய்பவை. இந்தச் சோதனையில் வரும் பெரும்பாலான சிக்கல்கள் அங்கேதான் தொடங்குகின்றன. தூண்டும் ஒளி பார்க்கும் கருவிக்குள் நுழைகிறது, பார்க்கும் ஒளி தூண்டும் புரதத்தைக் கிளறுகிறது, இரண்டும் எலியின் கண்ணுக்கும் போய்ச் சேர்கின்றன. இவற்றில் எது நடந்தாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்: ஒளியைப் போட்டதும் நியூரான் பதில் சொன்னது போன்ற ஒரு கோடு.

பேச்சு ஊகத்தில் போகாமல் இருக்க ஒரே ஒரு அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். தலை அசையாதபடி பொருத்தப்பட்ட, விழித்திருக்கும் சுண்டெலி. மண்டை ஓட்டில் பார்வைப் புறணிக்கு மேலே ஒரு சிறு வட்டத்தை நீக்கி, அங்கே கண்ணாடி ஜன்னல் வைத்திருக்கிறோம். பார்ப்பதற்கு ஜிகேம்ப்6எஸ் என்ற புரதம்: நியூரான் துடிக்கும்போது உள்ளே நுழையும் கால்சியத்தோடு சேர்ந்தால் அதன் பச்சை ஒளிர்வு கூடும். தூண்டுவதற்கு கிரிம்சன்-ஆர்: பாசி ஒன்றிலிருந்து எடுத்து, கொஞ்சம் திருத்திய அயனிக் கால்வாய். சிவப்பு ஒளி பட்டால் திறந்து நேர்மின் அயனிகளை உள்ளே விடும். எந்த செல்லில் அது இருக்கிறது என்று தெரிய, அதோடு டிடி-டொமேட்டோ என்ற சிவப்பு ஒளிர்புரதமும் ஒட்டப்பட்டிருக்கும். இரண்டு மரபணுக்களையும் ஏஏவி வைரஸ் வழியாகச் செலுத்தி, மூன்று வாரம் போல விட்டிருக்கிறோம். பார்க்கும் ஒளி 920 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், இரு ஃபோட்டான் நுண்ணோக்கி, விநாடிக்கு 30 படம். தூண்டும் ஒளி 620 நானோமீட்டர் அளவிலான எல்.இ.டி., அதே லென்ஸ் வழியாக.

தொடங்கும் முன் ஒரு எலி கையில் இருந்தே ஆக வேண்டும். ஜிகேம்ப்பும் டிடி-டொமேட்டோவும் இருந்து, கிரிம்சன் மட்டும் இல்லாத எலி. இதை ஒப்பீட்டு எலி என்று சொல்கிறேன். கீழே வரும் ஒவ்வொரு அறிகுறிக்கும் பாதி விடை அந்த எலியிடம்தான் கிடைக்கும். அதைக் கடைசியில் கட்டுரை எழுதும்போது செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதை நான் ஏற்பதில்லை. முதல் நாளே அது மேசையில் இருக்க வேண்டும்.

அறிகுறி 1: ஒளியைப் போட்ட அதே படத்தில் எல்லா செல்லும் ஒன்றாக ஏறுகிறது

அதிகம் ஏமாற்றுவது இதுதான். அதனால் இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

620 நானோமீட்டரில் 5 மில்லிவாட் ஒளி என்றால் விநாடிக்கு 1-க்குப் பின் 16 சுழியம் போட்ட அளவுக்கு ஃபோட்டான்கள். ஜிகேம்ப்பிலிருந்து பச்சை ஒளியை எண்ணும் ஃபோட்டோமல்டிப்ளையரோ, ஒற்றை ஃபோட்டானைக்கூடக் கண்டுபிடிக்கும் கருவி. நடுவில் உள்ள பச்சை வடிகட்டி சிவப்பைத் தடுக்கும் என்றாலும், பத்து லட்சத்தில் ஒரு பங்கு கசிந்தாலே அது உண்மையான சமிக்ஞையை மூழ்கடித்துவிடும். போதாக்குறைக்கு எல்.இ.டி.யின் நிறம் லேசரைப் போலக் கூர்மையானது அல்ல. சிவப்பு எல்.இ.டி.யிலும் பச்சைப் பக்கம் நீளும் மெல்லிய வால் ஒன்று உண்டு. அந்த வால் பச்சை வடிகட்டியைத் தடையின்றிக் கடந்துவிடும்.

கசிவா, உண்மையான பதிலா என்று அறிய முதலில் லேசரின் ஷட்டரை மூடிவிட்டு எல்.இ.டி.யை மட்டும் அடித்துப் படம் எடுங்கள். லேசர் இல்லாமல் ஜிகேம்ப் ஒளிராது. ஆகவே அந்தப் படத்தில் எது தெரிந்தாலும் அது கசிவு. இரண்டாவதாக, வழக்கமான பதிவில் ரத்தக்குழாய் இருக்கும் இருண்ட பகுதியைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு அதன் பிரகாசத்தை வரைந்து பாருங்கள். ரத்தத்தில் ஜிகேம்ப் கிடையாது. செல்லோடு சேர்ந்து ரத்தக்குழாயும் அதே அளவு ஏறினால் சந்தேகத்துக்கு இடமில்லை.

வளைவின் வடிவமும் சொல்லும். ஜிகேம்ப்6எஸ் மெதுவான புரதம். 2013-இல் ஜனேலியா ஆய்வு வளாகத்தில் அதை உருவாக்கியவர்கள் அளந்தபடி, ஒரே ஒரு துடிப்புக்கு உச்சம் தொட ஏறத்தாழ 180 மில்லிவிநாடியும், அதிலிருந்து பாதியாகக் குறைய 550 மில்லிவிநாடியும் ஆகும். நம் கணக்கில் உச்சத்துக்கு ஐந்தாறு படம், பாதியாக இறங்கப் பதினாறு படம். ஒரே படத்தில் செங்குத்தாக ஏறி, ஒளி அணைந்ததும் ஒரே படத்தில் விழுந்தால் அது இந்தப் புரதத்தால் முடியாத காரியம்.

இன்னொரு தடயம் படத்திலேயே கிடைக்கும். நுண்ணோக்கி படத்தை வரிவரியாக எழுதுகிறது: 512 வரிக்கு ஏறத்தாழ 33 மில்லிவிநாடி. 10 மில்லிவிநாடி மட்டும் ஒளி அடித்தால் கசிவு படம் முழுக்கப் பரவாது, சுமார் 150 வரி அகலத்துக்கு ஒரு கிடைப்பட்டையாக விழும். அந்தப் பட்டைக்குள் இருக்கும் செல்கள் மட்டும் “பதில்” சொல்லும். ஒவ்வொரு முறையும் பட்டை வேறு உயரத்தில் விழுந்தால், சில செல் சில முறை மட்டும் பதில் சொல்வது போல, மிக இயல்பான உயிரியல் மாதிரியே தெரியும். சராசரி எடுத்த பிறகு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. சராசரிக்கு முன், பிரிக்காத படங்களைக் கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

இனி கணக்கில் இது எப்படி ஒளிந்துகொள்கிறது என்று பார்ப்போம். ஒரு செல்லின் பிரகாசத்தில் சுற்றியுள்ள நரம்பிழைகளின் ஒளியும் கலந்திருக்கும். அதைக் கழிக்க, சுற்றுப்புறப் பிரகாசத்தின் 0.7 பங்கை எடுப்பது வழக்கம். செல்களைப் பிரித்தெடுக்கும் `Suite2p` மென்பொருள் தரும் கோப்புகளில் இதைச் செய்வது எளிது. `stim` என்பது ஒளி தொடங்கிய படங்களின் எண்கள்:

```python
import numpy as np
F    = np.load("F.npy")
Fneu = np.load("Fneu.npy")
Fc   = F - 0.7 * Fneu

pre, post = 30, 120
tr  = np.stack([Fc[:, s-pre:s+post] for s in stim])
f0  = tr[:, :, :pre].mean(axis=2, keepdims=True)
dF  = (tr - f0).mean(axis=0)
dFF = ((tr - f0) / f0).mean(axis=0)
```

கசிவு ஒவ்வொரு புள்ளியிலும் 40 அலகு கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரகாசமான செல் ஒன்று: அதன் அளவு 400, சுற்றுப்புறம் 200. கழித்தால் 400 − 140 = 260. கசிவோடு 440 − 168 = 272. ஏற்றம் 12, விகிதத்தில் 4.6 சதவீதம். பெரிதாகத் தெரியாது. இப்போது மங்கலான செல்: அளவு 190, சுற்றுப்புறம் அதே 200. கழித்தால் 50. கசிவோடு 230 − 168 = 62. ஏற்றம் அதே 12தான், ஆனால் விகிதம் 24 சதவீதம்! ஒரே கசிவு, ஒரு செல்லை அமைதியானதாகவும் இன்னொன்றை நன்றாகப் பதில் சொல்வதாகவும் காட்டிவிட்டது. பலர் “சில செல்கள் மட்டும்தான் பதில் சொல்கின்றன, கசிவாக இருந்தால் எல்லாமே ஏறியிருக்குமே” என்று நிம்மதியடையும் இடம் இது. அந்த நிம்மதிக்கு ஆதாரம் கிடையாது.

ஆகவே `dFF` மட்டும் போதாது, `dF`-ஐயும் வரையுங்கள். எல்லா செல்லுக்கும் `dF` கிட்டத்தட்ட ஒரே எண்ணாக வந்து, `dFF` மட்டும் மங்கலான செல்லில் பெரிதாக இருந்தால், அது கசிவு. உண்மையான தூண்டலில் செல்லுக்குச் செல் வித்தியாசம் இருக்கும். அதோடு கிரிம்சன் இல்லாத அண்டை செல்கள் சிலவற்றில் செயல்பாடு குறைவதும் தெரியும், ஏனென்றால் தூண்டப்பட்டவை தடுப்பு நியூரான்களையும் இழுத்துவிடும். ஏறுவதும் இறங்குவதும் கலந்து இருப்பது நல்ல அறிகுறி.

சரி, கசிவு என்று உறுதியானால் என்ன செய்வது? முதலில் எல்.இ.டி.யின் முன்னால் ஒரு குறுகிய சிவப்பு வடிகட்டி வைத்து அந்த வாலை வெட்டுங்கள். செலவு குறைவு, பலன் அதிகம். அதன் பிறகும் கசிந்தால் நேரத்தைப் பிரிக்க வேண்டும். லேசரை வரிவரியாக நகர்த்தும் அதிர்வுக் கண்ணாடி ஒவ்வொரு வரியின் முனையிலும் திரும்பும்போது கருவி தரவு எடுப்பதில்லை. எல்.இ.டி.யை அந்தத் திரும்பும் நேரத்தில் மட்டும் எரிய விடலாம். வரிக்கு 60 மைக்ரோவிநாடி போலத்தான் ஆகும் என்பதால், இந்த மினுக்கல் கிரிம்சன்-ஆருக்குத் தெரியாது. திறந்த கால்வாய் மூட அதற்குச் சுமார் 15 மில்லிவிநாடி ஆகும், எனவே அது சராசரி ஒளியைத்தான் உணர்கிறது. ஒரே இழப்பு, சராசரி ஒளி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகும். எல்.இ.டி. மின்னோட்டத்தை அதற்கேற்ப ஏற்ற வேண்டும்.

ஒளி அணைந்த பிறகு எல்லா செல்லும் கொஞ்ச நேரம் மங்கலாக இருந்தால் அதையும் நம்ப வேண்டாம். பலத்த ஒளி பட்ட ஃபோட்டோமல்டிப்ளையர் சிறிது நேரம் உணர்திறன் குறைந்து நிற்கும். “தூண்டலுக்குப் பிந்தைய அடக்கம்” என்று எழுதும் முன், ரத்தக்குழாய்க் கட்டத்திலும் அந்தப் பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி 2: ஒளியைப் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை

வைரஸைக் குறை சொல்வதற்கு முன் ஒளியை அளக்க வேண்டும், அதுவும் லென்ஸுக்குக் கீழே. எல்.இ.டி. பெட்டியில் காட்டும் எண் வழியில் உள்ள கண்ணாடிகள் தின்னும் பங்கைச் சொல்லாது. அளக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. மீட்டர் சராசரியைக் காட்டும். 10 மில்லிவிநாடி ஒளித்துடிப்பு விநாடிக்கு 20 முறை என்றால் ஒளி ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் எரிகிறது. மீட்டரில் 1 மில்லிவாட் தெரிந்தால் துடிப்பின் உச்சம் 5 மில்லிவாட்.

அப்புறம் பரப்பளவு. செல்லுக்கு முக்கியம் மொத்த ஒளி அல்ல, ஒரு சதுர மில்லிமீட்டரில் விழும் ஒளி. 1 மில்லிமீட்டர் விட்ட வட்டத்தின் பரப்பு 0.785 சதுர மில்லிமீட்டர். அதில் 5 மில்லிவாட் விழுந்தால் சதுர மில்லிமீட்டருக்கு 6.4 மில்லிவாட். அதே ஒளி 3 மில்லிமீட்டர் வட்டத்தில் பரவினால் 0.7 மட்டுமே. நீல ஒளிச் சோதனைகளில் சதுர மில்லிமீட்டருக்கு 1 மில்லிவாட் என்பதைக் கீழ் எல்லையாக வைப்பது வழக்கம். அதற்குக் கீழே இருந்துகொண்டு வைரஸைக் குறை சொல்வது நியாயமில்லை. எல்.இ.டி. ஒளி லென்ஸில் குவியும் விதம் சற்று மாறினாலே வட்டம் பெரிதாகிவிடும். காமிராவில் வட்டத்தின் அளவை நேரில் பாருங்கள்.

ஒளி சரியாக இருந்தால் செல்லைப் பாருங்கள். லேசரை 1040 நானோமீட்டர் பக்கம் மாற்ற முடிந்தால் டிடி-டொமேட்டோ நன்றாகத் தெரியும். கிரிம்சன் சவ்வில் இருக்க வேண்டிய புரதம், எனவே சிவப்பு செல்லின் ஓரத்தில் வளையமாக இருக்க வேண்டும். சிவப்பு உள்ளே திட்டுத்திட்டாகத் தேங்கியிருந்தால் புரதம் உருவாகிறது, ஆனால் சவ்வுக்குப் போய்ச் சேரவில்லை. சிவப்பும் பச்சையும் ஒரே செல்லில் இருக்கின்றனவா என்பதும் முக்கியம். இரண்டு வைரஸைக் கலந்து செலுத்தும்போது பச்சை மட்டும் உள்ள செல், சிவப்பு மட்டும் உள்ள செல் என்று பிரிந்துபோவது சாதாரணம். சிவப்பு மட்டும் உள்ள செல் தூண்டப்பட்டாலும் நம் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டும் சரி என்றால் தூண்டும் முறையை மாற்றுங்கள். ஒரே ஒரு ஒளித்துடிப்பு தரும் ஏற்றம் இரைச்சலில் மறையக்கூடும். 10 மில்லிவிநாடித் துடிப்புகளை விநாடிக்கு 20 வீதம், அரை விநாடிக்குக் கொடுத்தால் பத்துத் துடிப்புகள் சேர்ந்து தெளிவான மேடு வரும். நேர்மாறாக, பலத்த ஒளியைப் பல விநாடி இடைவிடாமல் விட்டால் நியூரான் முதலில் துடித்துப் பிறகு மின்னழுத்தம் இறங்க முடியாமல் அப்படியே நின்று போகும். அப்போது கால்சியம் தொடக்கத்தில் மட்டும் ஏறிவிட்டு, ஒளி எரியும்போதே இறங்கும். ஒளியைக் கூட்டக் கூட்டப் பதில் குறைந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கிரிம்சனுக்குப் பதிலாக நீல ஒளிக்குத் திறக்கும் சேனல்ரோடாப்சின்-2 வைத்திருந்தால், அந்தக் கால்வாய் வழியாகவே கொஞ்சம் கால்சியமும் நுழையும். சிறிய, மந்தமான ஏற்றத்தை வைத்து நியூரான் துடித்தது என்று முடிவு செய்ய முடியாது. மின்முனை வைத்து ஒரு சில செல்லிலாவது துடிப்பை நேரில் பதிவு செய்வதுதான் கடைசித் தீர்ப்பு.

அறிகுறி 3: கிரிம்சன் இல்லாத எலியும் பதில் சொல்கிறது

கசிவைச் சரிசெய்த பிறகும் ஒப்பீட்டு எலியின் செல்கள் மெதுவாக ஏறி, ஜிகேம்ப்புக்கு உரிய வேகத்தில் இறங்கினால், நியூரான்கள் உண்மையிலேயே துடிக்கின்றன. ஆனால் காரணம் நம் புரதம் இல்லை.

முதல் சந்தேகம் கண். சுண்டெலிக்குச் சிவப்பு தெரியாது என்று பலரும் சொல்வதுண்டு. அதன் கூம்பு செல்கள் புறஊதாவுக்கும் பச்சைக்கும் ஏற்றவை என்பது உண்மைதான். ஆனால் உணர்திறன் சிவப்பில் குறைகிறதே தவிர, சுழியம் ஆவதில்லை. இருட்டறையில் நெடுநேரம் இருந்த எலியின் விழித்திரை மிகக் கூர்மையாக இருக்கும். ஒளி கண்ணுக்குப் போக இரண்டு வழி: லென்ஸுக்கும் தலைக்கும் இடையே வெளியே கசிவது ஒன்று, மூளைத் திசுவின் வழியாகவே ஊடுருவி விழித்திரையைப் பின்னாலிருந்து தொடுவது இன்னொன்று. சிவப்பு ஒளி திசுவில் ஆழமாகப் போகும் என்பதற்காகத்தானே அதைத் தேர்ந்தெடுத்தோம். அதே குணம் இங்கே எதிராக வேலை செய்கிறது. நாம் பார்ப்பதோ பார்வைப் புறணி. கண் பார்த்த எதுவும் அங்கேதான் வந்து விழும்.

சோதிக்க, எல்.இ.டி. ஒளியை ஜன்னலில் விடாமல் பக்கத்தில் உள்ள பல்மருத்துவ சிமென்ட் மேல் விடுங்கள். அதே பதில் வந்தால் வெளிக்கசிவு. லென்ஸைச் சுற்றிக் கருப்பு ரப்பர் கூம்பு மாட்டி, அதன் அடி தலைப்பட்டையோடு ஒட்டியிருக்கும்படி செய்தால் இது நிற்கும். சிமென்ட்டிலேயே கரித்தூள் கலந்து கருப்பாக்குவதும் பயன் தரும். உள்வழியாக வருவதைக் கூம்பால் தடுக்க முடியாது. அதற்கு எலியின் கண் முன்னால் அதே நிறத்தில் ஒரு விளக்கைச் சோதனை முழுக்க எரிய விட வேண்டும். விழித்திரை வெளிச்சத்துக்குப் பழகிவிட்டால், உள்ளிருந்து வரும் சிறு ஒளி அதற்குத் தெரியாது. 2015-இல் பார்வைப் பயிற்சி செய்யும் சுண்டெலிகளில் இந்தப் பிழையை அளந்தவர்களும், சுற்றுப்புற வெளிச்சம் அதை அடக்குகிறது என்று காட்டினார்கள். இருட்டறைதான் சுத்தமான சோதனை என்ற பழக்கத்தை இந்த வகைச் சோதனையில் விட்டுவிடுவது நல்லது. கண் முன்னால் வைத்த விளக்கின் பச்சைப் பங்கு ஃபோட்டோமல்டிப்ளையரில் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மறுபடியும் முதல் அறிகுறிக்கே போவோம்.

இரண்டாவது சந்தேகம் சூடு. குறுந்துடிப்புகளில் இது பெரிதாக வராது. நியூரான்களை அடக்கும் சோதனைகளில், பல விநாடி தொடர்ந்து ஒளி விடும்போதுதான் வரும். 2019-இல் கிரைட்சர் குழுவினர் ஒளிப்புரதமே இல்லாத எலிகளின் ஸ்ட்ரையேட்டம் பகுதியில் வழக்கமான அளவு ஒளியை விட்டுப் பார்த்தார்கள். நியூரான்களின் துடிப்பு குறைந்தது, வெப்பத்தில் கூடும் ஒரு பொட்டாசிய மின்னோட்டம் அதற்குக் காரணமாக இருந்தது, ஒரு பக்கம் மட்டும் ஒளி விட்டபோது எலியின் சுழலும் போக்கே மாறியது. சூடா, கண்ணா என்று பிரிக்க, நேரத்தைப் பாருங்கள். கண் வழி வரும் பதில் ஒளி தொடங்கியதும் எழுந்து பிறகு தணியும். சூட்டின் விளைவு விநாடிக்கணக்கில் மெல்ல வளர்ந்து, ஒளி அணைந்த பிறகும் மெல்லத்தான் தேயும். ஒளி எரியும் பங்கைப் பாதியாக்கினால் அதுவும் குறையும்.

அறிகுறி 4: தூண்டுவதற்கு முன்பே செல்கள் அமைதியில்லாமல் இருக்கின்றன

எல்.இ.டி. அணைந்திருக்கிறது. வெறும் படம் எடுக்கிறோம். ஆனாலும் கிரிம்சன் உள்ள செல்கள் மற்றவற்றைவிட அதிகம் துடிக்கின்றன. இங்கே குற்றவாளி 920 லேசர். கிரிம்சன் சிவப்புப் பக்கம் நகர்ந்த புரதம் என்றாலும், நீலம் வரை அதன் உறிஞ்சல் நீளும். இரு ஃபோட்டான் முறையில் 920-இலும் ஓரளவு கிளறப்படும். சேனல்ரோடாப்சின்-2 என்றால் நிலைமை இன்னும் மோசம். அது விரும்பும் அலைநீளம் ஜிகேம்ப்பினுடையதோடு ஏறத்தாழ ஒன்றாகவே விழுகிறது. இந்தக் காரணத்துக்காகவே ஒரே செல்லில் இரண்டையும் வைக்க விரும்புபவர்கள் சிவப்புப் பக்கத்துப் புரதங்களுக்குப் போனார்கள்.

சோதனை எளிது. அதே செல்களை லேசரின் மூன்று அளவில், உதாரணத்துக்கு 15, 30, 50 மில்லிவாட்டில், சில நிமிடங்கள் வீதம் எடுங்கள். வரிசையைக் கலைத்து எடுங்கள், இல்லையென்றால் எலி சோர்ந்ததையும் லேசர் கூடியதையும் பிரிக்க முடியாது. பிறகு கிரிம்சன் உள்ள செல், இல்லாத செல் என இரண்டு கூட்டமாகப் பிரித்து, தானாக எழும் துடிப்புகளை ஒப்பிடுங்கள். பிரகாசம் கூடும்போது சிறு துடிப்புகளும் எளிதாகக் கண்ணில் படும் என்பதால் இரண்டு கூட்டத்திலும் கொஞ்சம் ஏற்றம் தெரியத்தான் செய்யும். கவனிக்க வேண்டியது இடைவெளியை. லேசரோடு சேர்ந்து கிரிம்சன் கூட்டம் மட்டும் விலகிப் போனால், பார்க்கும் ஒளியே தூண்டிக்கொண்டிருக்கிறது.

பலரும் மறப்பது பெரிதாக்கும் அளவு. அதே 30 மில்லிவாட்டை வைத்துக்கொண்டு இரண்டு மடங்கு பெரிதாக்கினால் பார்க்கும் பரப்பு கால் பங்காகிறது. ஒவ்வொரு செல்லின் மேலும் லேசர் நான்கு மடங்கு நேரம் நிற்கிறது. லேசர் அளவைத் தொடவே இல்லையே என்று நினைத்திருப்போம், கிளறலோ நான்கு மடங்கு ஆகியிருக்கும். பரந்த பரப்பில், தேவைக்கு மேல் போகாத லேசரில் எடுப்பதுதான் தீர்வு. படம் கொஞ்சம் இரைச்சலாக இருந்தாலும் பரவாயில்லை.

அறிகுறி 5: செல்கள் மிகப் பிரகாசமாக, உள்ளே நிரம்பித் தெரிகின்றன

ஜிகேம்ப்6 பொதுவாக உட்கருவுக்குள் போவதில்லை. ஆரோக்கியமான செல் நடுவில் இருட்டாக, உளுந்துவடை மாதிரி வளையமாகத் தெரியும். நடுவும் நிரம்பிப் பளபளத்தால், ஏற்ற இறக்கம் இல்லாமல் எப்போதும் ஒரே வெளிச்சமாக இருந்தால், புரதம் அளவுக்கு மீறி உருவாகி செல் நலம் கெட்டிருக்கிறது. அழகான, பளிச்சென்ற படம் என்று மகிழ வேண்டிய இடம் இது அல்ல. அந்த செல்களைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். நீக்கிவிட்டோம் என்று கட்டுரையில் எழுதவும் வேண்டும்.

அடுத்த எலிக்கு வைரஸை நீர்க்கச் செய்யுங்கள். ஒரே வைரஸை மூன்று செறிவில், மூன்று எலியில் போட்டு வாரம் ஒருமுறை பார்த்தால் எந்தச் செறிவில் எத்தனை வாரம் நல்ல காலம் என்று தெரிந்துவிடும். ஏஏவி வழியாகப் போன மரபணு வேலை செய்துகொண்டே இருக்கும் என்பதால், மூன்றாம் வாரம் நன்றாக இருந்த எலி எட்டாம் வாரம் அப்படி இருக்காது.

வைரஸ் வேண்டாம், பிறவியிலேயே ஜிகேம்ப் உள்ள எலிவகை வாங்கிக்கொள்கிறோம் என்பவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். புறணி முழுவதும் ஒரே கணத்தில் மின்னி அடங்கும் அலைகள் வருகின்றனவா? 2017-இல் ஸ்டைன்மெட்ஸும் உடன் ஆய்வாளர்களும் சில ஜிகேம்ப்6 எலிவகைகளில், வலிப்பு நோயில் இடையிடையே வருவதை ஒத்த குறுகிய, பெரிய துடிப்புகளைக் காட்டினார்கள். எலி வெளியே சாதாரணமாகவே இருக்கும். பரந்த பரப்பைப் பார்க்கும் காமிராவில் பத்து நிமிடம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இளமையில் டாக்ஸிசைக்ளின் கொடுத்து ஜிகேம்ப் உருவாவதைத் தள்ளிவைத்த எலிகளில் இது குறைந்தது. அந்த அலைகள் உள்ள எலியில் தூண்டல் சோதனை செய்ய வேண்டாம். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் புறணியில் நம் ஒளி எதைக் கிளப்பும் என்று சொல்ல முடியாது.

அறிகுறி 6: எலி ஓடத் தொடங்கும்போதெல்லாம் சமிக்ஞை சரிகிறது

ஓடும்போது மூளை ஜன்னலுக்குக் கீழே சில மைக்ரான் நகரும். பக்கவாட்டு நகர்வை மென்பொருள் திருத்திவிடும். மேல்கீழ் நகர்வைத் திருத்த முடியாது, செல் குவியத் தளத்தை விட்டே போய்விடுகிறது. பச்சை மட்டும் பார்த்தால் இதையும் உண்மையான அடக்கத்தையும் பிரிக்க வழியில்லை. நம் அமைப்பில் டிடி-டொமேட்டோ இருப்பது இங்கே கைகொடுக்கும். அதன் சிவப்பு கால்சியத்தைப் பொறுத்து மாறாது. 920-இல் அது மங்கலாகத்தான் தெரியும் என்றாலும் சராசரிக்குப் போதும். அதே செல்லில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து சரிந்தால் நகர்வு. பச்சை மட்டும் சரிந்தால் நியூரான். சிவப்பு சரிந்த படங்களைக் கழித்துவிட்டு மீண்டும் சராசரி எடுங்கள். தூண்டும் ஒளியைக் கண்டு எலி திடுக்கிட்டு ஓடினால் இந்த நகர்வு ஒவ்வொரு தூண்டலோடும் ஒட்டிக்கொண்டு வரும், அதனால் ஓடும் சக்கரத்தின் வேகத்தையும் படத்தோடு சேர்த்துப் பதிவு செய்து, எலி அசையாமல் இருந்த தூண்டல்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள்.